டைமர் பெட்டிக்குள் பகலும் தெரியாது, இரவும் தெரியாது

போன ஆடியில் என் நாற்றங்காலில் நடந்ததை எழுதச் சொல்லி நண்பர்கள் பலர் கேட்டார்கள். எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பூச்சி தாக்கியது, மழை அடித்தது என்றால் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு நாற்று போனது ஒரு சின்ன எழுத்தால். டைமரின் திரையில் மணிக்குப் பக்கத்தில் கடுகு அளவில் தெரியுமே, AM, PM என்று, அதுதான்.

குடியிருப்பது புதுச்சேரி நகரத்தில், முத்தியால்பேட்டையில். நிலம் பாகூர் பக்கம், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். தினமும் போய்வர முடியாததால்தான் நாற்றங்காலுக்கு டைமர் வைத்தேன். நிழல்வலைக்குள் 26 குழித்தட்டு, தட்டுக்கு 98 குழி, எல்லாம் கத்தரி. அரை எச்.பி. மோட்டார் ஒன்று மேலே தொங்கும் சிறு தெளிப்பான்களுக்குத் தண்ணீர் தள்ளும். காலை 7 மணி, 11 மணி, பிற்பகல் 3 மணி என்று ஒவ்வொரு வேளையும் நான்கு நிமிடம். மாலை நான்கு மணிக்கு மேல் நாற்றுக்குத் தண்ணீர் காட்டுவதில்லை. ராத்திரி முழுக்கத் தண்டும் தேங்காய்நார்க் கழிவும் ஈரமாகவே இருந்தால் நாற்றழுகல் வந்துவிடும் என்பது நாற்று விடுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

விதை முளைத்து எட்டாம் நாள் மதுரையில் ஒரு கல்யாணம். மூன்று நாள் பயணம். பக்கத்து நிலத்துத் தம்பியிடம் காலையில் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முதல் நாளே பராமரிப்புக்காகக் காலையில் கரன்ட்டை நிறுத்தினார்கள். மதியம் கரன்ட் வந்ததும் தம்பி பொறுப்பாகப் போய்ப் பார்த்து எனக்கு போன் செய்தார்.

"அண்ணே, கரன்ட் வந்துடுச்சு. டைமரைப் பாத்தேன், 12:03ன்னு ஓடிட்டு இருக்கு. என் போன்லயும் 12:04. ஒரு நிமிஷந்தான் வித்தியாசம். நீங்க கவலைப்படாம கல்யாணத்தைப் பாருங்க."

நானும் கவலைப்படாமல் பந்தியில் உட்கார்ந்தேன்.

உண்மையில் நடந்தது இதுதான். இந்த மாதிரி டைமர்களுக்குள்ளே சிறிய பேட்டரி ஒன்று இருக்கும். கரன்ட் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவதற்காக அது. என்னுடையது வாங்கி ஐந்து வருஷம் ஆகிவிட்டது, பேட்டரி செத்துப்போயிருந்தது. கரன்ட் நின்றதும் கடிகாரமும் அணைந்தது. கரன்ட் வந்ததும் தன் பிறந்த நேரத்திலிருந்து, அதாவது 12:00 AM-இலிருந்து, மறுபடி ஓடத் தொடங்கியது. 12:00 AM என்பது நள்ளிரவு. ஆனால் கரன்ட் வந்த நேரமோ நடுப்பகல் பன்னிரண்டு. டைமரின் கணக்கில் அப்போது நடுராத்திரி, நிலத்தில் உச்சி வெயில், இரண்டிலும் எண் ஒன்றுதான். தம்பி எண்ணைச் சரியாகத்தான் படித்தார். அதன் ஓரத்தில் இருந்த எழுத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், பகல் 12 மணி AM-ஆ PM-ஆ என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானே தடுமாறியிருப்பேன்.

என் டைமரில் கடிகாரம் அணைந்தாலும் போட்டுவைத்த வேளைகள் அழியாது. சில டைமர்களில் இரண்டும் சேர்ந்தே அழிந்துவிடும். எனக்கு அப்படி அழிந்திருந்தால்கூட நல்லதாக இருந்திருக்கும். மோட்டார் ஓடவே ஓடாது, தட்டு காய்ந்து கிடக்கும், தம்பி மறுநாளே கண்டுபிடித்திருப்பார். இங்கே வேளைகள் அப்படியே இருந்தன, கடிகாரம் மட்டும் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் பிசகிவிட்டது. காலை 7-க்கு ஓட வேண்டியது இரவு 7-க்கு ஓடியது. 11 மணித் தண்ணீர் இரவு 11-க்கு. பிற்பகல் 3 மணித் தண்ணீர் விடியற்காலை 3-க்கு.

தம்பி தினமும் காலை ஏழரைக்கு வந்து தட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். விடியற்காலை மூன்று மணித் தண்ணீர்தானே, நன்றாகவே ஈரமாக இருந்திருக்கிறது. "தண்ணி ஓடியிருக்கு அண்ணே" என்று மூன்று நாளும் எனக்குச் சொன்னார். பொய் இல்லை. பகல் முழுக்க ஆடிக்காற்றில் தட்டு காய்ந்ததையும், இரவு முழுக்க நனைந்ததையும் பார்க்க அங்கே யாரும் இல்லை.

நான்காம் நாள் மாலை நான்கு மணி வாக்கில் நேராக நிலத்துக்குப் போனேன். தட்டுகளில் திட்டுத் திட்டாக நாற்று படுத்திருந்தது. குனிந்து பார்த்தால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல்போலச் சுருங்கி, தண்ணீரில் ஊறிய நிறத்தில் இருந்தது. நாற்றழுகலேதான். எனக்கு முதல் சந்தேகம் விதை மீது. அடுத்தது தேங்காய்நார்க் கழிவு மீது. டைமர் மீது சந்தேகமே வரவில்லை. ஆனாலும் ஒரு முறைக்காக அதையும் சோதித்தேன். அந்தச் சோதனையில்தான் நான் ஏமாந்தேன், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டைமர் திரையில் 4:40 என்றிருந்தது. என் கைக்கடிகாரத்திலும் 4:40. சரி என்று புதிதாக ஒரு வேளையை 4:45 என்று போட்டேன். ஐந்து நிமிடம் நின்றேன். 4:45-க்கு மோட்டார் டக்கென்று ஓடியது. டைமர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

எங்கே தவறு? திரையில் இருந்தது 4:40 AM. நான் போட்ட வேளையும் 4:45 AM, ஏனென்றால் புதிய வேளை போடும்போது டைமர் AM-இலிருந்துதான் தொடங்குகிறது. மணியைக் கூட்டிக்கொண்டே பன்னிரண்டைத் தாண்டினால்தான் PM வரும். கடிகாரமும் தவறு, வேளையும் அதே தவறு, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. மோட்டார் ஓடத்தானே செய்யும்? ஐந்து நிமிடம் தள்ளி வேளை போட்டுப் பார்ப்பது மோட்டாரும் சுவிட்சும் வேலை செய்கின்றனவா என்று மட்டுமே சொல்லும். கடிகாரம் பகலில் இருக்கிறதா இரவில் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. கடைக்காரர்கள் விற்கும்போது செய்து காட்டுவதும் இதே சோதனைதான்.

உண்மை தெரிந்தது அன்று இரவு ஏழு மணிக்கு. அழுகிய தட்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். மோட்டார் தானாக ஓடியது. தலைக்கு மேலே தெளிப்பான் சுற்றுகிறது, வெளியில் இருட்டு. டார்ச் அடித்துத் திரையைப் பார்த்தேன். 7:00. ஓரத்தில் AM.

ஒன்பது தட்டு முழுசாகப் போனது. மற்றதிலும் ஓட்டை ஓட்டையாக விழுந்துவிட்டது. மறுபடி விதை ஊன்றியதில் நடவு மூன்று வாரம் தள்ளிப்போனது. தம்பி இன்னும் அதைத் தன் தவறு என்றுதான் நினைக்கிறார். அவர் தவறு அதில் எதுவுமில்லை.

அதன் பிறகு நான் செய்த முதல் வேலை, டைமரை 24 மணிக் கணக்குக்கு மாற்றியது. பெரும்பாலான டிஜிட்டல் டைமர்களில் இதற்கு வழி இருக்கிறது. என்னுடையதில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு மாதிரி, அதனால் அட்டைப்பெட்டியில் வந்த தாளைத் தேடி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மாற்றியதும் AM, PM இரண்டும் திரையிலிருந்து போய்விடும். பகல் 1 மணி 13:00 ஆகிவிடும், பிற்பகல் 3 மணி 15:00, இரவு 7 மணி 19:00. பன்னிரண்டைத் தாண்டிய எண்ணிலிருந்து பன்னிரண்டைக் கழித்தால் நாம் வாயால் சொல்கிற மணி வந்துவிடும்.

எண் பெரிதாவதைவிட முக்கியமானது வேறொன்று. இந்தக் கணக்கில் நள்ளிரவுக்கு 0:00, நடுப்பகலுக்கு 12:00. இரண்டும் ஒரே எண் இல்லை. என் பேட்டரி செத்த அன்று டைமர் 24 மணிக் கணக்கில் இருந்திருந்தால், கரன்ட் வந்ததும் அது 0:00-இலிருந்து ஓடியிருக்கும். தம்பி பார்த்த நேரத்தில் 0:03 என்று காட்டியிருக்கும். உச்சி வெயிலில் நின்றுகொண்டு 0:03 என்று பார்க்கிற யாருக்கும் இது தப்பு என்று தெரிந்துவிடும், அவருக்கு ஏ.எம்., பி.எம். தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தவறு தானே கையைத் தூக்கிக் காட்டுகிறது. பன்னிரண்டு மணிக் கணக்கில் அது ஓரத்தில் ஒளிந்துகொள்கிறது.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு, மறைக்கக் கூடாது. இரவு 7 மணிக்கு யாராவது பழக்க தோஷத்தில் கடிகாரத்தை 7:00 என்று வைத்துவிட்டால், 24 மணிக் கணக்கிலும் டைமர் அதைக் காலை ஏழு என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதனால் நான் இப்போது டைமரைச் சரிபார்ப்பது பகல் ஒரு மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் திரையில் 13 அல்லது அதற்கு மேல் எண் இருந்தால் கடிகாரம் சரி. 1, 2, 3 என்று சின்ன எண் இருந்தால் தவறு. காலையில் பார்த்தால் இது தலைகீழ், 13 அல்லது அதற்கு மேல் எண் இருந்தால் தவறு.

24 மணிக் கணக்குக்கு மாறாத பழைய டைமர் வைத்திருப்பவர்களும் பிற்பகலில் பார்க்கலாம். பிற்பகலில் திரை ஓரத்தில் PM இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எழுத்து வரும் இடத்துக்கு நேராகப் பெட்டியின் மேல் நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்துக்கொண்டால் கண் அங்கே போகும். வேளை எதையும் 12-இல் தொடங்குகிற மாதிரி போடாதீர்கள். 12 மணித் தண்ணீரை 11:50-க்கோ 1:00-க்கோ வைத்தால் பயிருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பல்சக்கரம்போல வட்டமாகத் திரும்பும் பழைய டைமர் ஒன்று உண்டு. ஓரத்தில் கால் மணிக்கு ஒன்று வீதம் 96 சின்ன ஊசிகள் இருக்கும், வேண்டிய நேரத்து ஊசியை அமுக்கிவிட வேண்டும். அந்தத் தட்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு 24 மணி நேரம். அதனால் அதில் இந்த ஏ.எம்., பி.எம். தொல்லையே கிடையாது. ஆனால் கரன்ட் போனால் சாதாரண வகை அப்படியே நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரன்ட் இல்லையென்றால் அன்றிலிருந்து தண்ணீரும் இரண்டு மணி நேரம் தள்ளி ஓடும். நம்மூர் மின்தடைக்கு அது சரிவராது.

இதெல்லாம் எனக்குப் புதிதாகத் தெரிந்திருக்கக் கூடாது என்பதுதான் வேடிக்கை. என் பெரியப்பா ஒரு சொல்தா. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்று, பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். வீட்டுச் சுவரில் அவர் மாட்டியிருந்த காலண்டரில் டாக்டரைப் பார்க்கும் நேரம், பென்ஷன் வேலைக்குப் போகும் நேரம் எல்லாவற்றையும் பிரெஞ்சுக்காரர்கள் எழுதுகிற மாதிரியே எழுதுவார். முதலில் 14, பிறகு மணி என்பதற்கு எச் என்ற எழுத்து, பிறகு 30. சின்ன வயதில் நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். "பெரியப்பா, கடிகாரத்துல பன்னெண்டுக்கு மேல நம்பரே இல்லையே!"

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "கடியாரத்துல எதுக்குடா வேணும்? ஜன்னலைத் திறந்தா பகலா ராத்திரியான்னு தெரியப்போகுது. காயிதத்துக்கு ஜன்னல் இருக்கா?" என்பார்.

இவ்வளவுக்கும் பேச்சில் அவர் ஒருநாளும் பதினாலரை மணி என்று சொன்னதில்லை. மத்தியானம் ரெண்டரை என்றுதான் சொல்வார். பிரெஞ்சுக்காரர்களும் பெரும்பாலும் அப்படித்தானாம். ரயில் நேரம், அலுவலக நேரம் எல்லாம் 24 மணிக் கணக்கில் எழுதுவார்கள். வீட்டில் பேசும்போது காலை மூன்று, பிற்பகல் மூன்று என்று பொழுதைச் சேர்த்துச் சொல்வார்கள். நடுப்பகலுக்கு மிதி, நடுராத்திரிக்கு மினுய் என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள், அதில் பன்னிரண்டு என்ற எண்ணே வராது. பெரியப்பாவும் "மிதிக்குச் சாப்பாடு" என்பார்.

பெரிய மார்க்கெட் மணிக்கூண்டுக்குக் கீழே நிற்கிற எவருக்கும் அந்தக் கடிகாரம் காட்டுவது ஏ.எம். மணியா, பி.எம். மணியா என்ற சந்தேகம் வருவதில்லை. மேலே வானம் இருக்கிறது. பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் டைமருக்கும், வேறு ஊரில் இருந்துகொண்டு போனில் மணி கேட்கிற எனக்கும் அந்த வானம் இல்லை. பெரியப்பாவின் காயிதத்து ஜன்னல் எனக்குப் புரிவதற்கு ஒன்பது தட்டு நாற்று செலவானது.

சரி, இந்த 12 AM, 12 PM எதைக் குறிக்கிறது? லத்தீன் மொழியில் ஏ.எம். என்றால் நண்பகலுக்கு முன், பி.எம். என்றால் நண்பகலுக்குப் பின். அப்படிப் பார்த்தால் நண்பகல் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதனால்தான் இந்தக் குழப்பம். அமெரிக்காவில் அளவைகளுக்குப் பொறுப்பான தேசிய நிறுவனமே 12 ஏ.எம்., 12 பி.எம். என்று எழுதுவது குழப்பம் தரும், நண்பகல், நள்ளிரவு என்ற சொற்களைப் போடுங்கள் என்கிறது. போன், டைமர் போன்ற கருவிகள் எல்லாம் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுகின்றன: 12:00 PM நடுப்பகல், 12:00 AM நடுராத்திரி. நடுப்பகல் தாண்டி ஒரு நிமிடம் ஆனால் அது பிற்பகல்தானே, அதனால் 12:01 PM; அதை ஒட்டி 12:00-ம் PM. இப்படி நினைவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் என்றைக்காவது ஒருநாள் மறப்போம்.

தமிழில் எழுதினால் குழப்பம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அது எந்தத் தமிழ் என்பதைப் பொறுத்தது. போனைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்த என் சித்தப்பா மகன் ஒருநாள் என்னிடம் காட்டினான். இரவில் வந்த செய்திக்கு மேலே "முற்பகல் 1:10" என்றிருந்தது. ஏ.எம். என்பதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார்கள். நடுராத்திரி ஒன்று பத்தை எந்த ஊரில் முற்பகல் என்று சொல்வார்கள்? பகலே இன்னும் பிறக்கவில்லையே. அதேபோல இரவு ஒன்பதரையைப் "பிற்பகல் 9:30" என்று எழுதினால், படிக்கிறவர் ஒரு நொடி நின்றுதான் போவார். அலுவலகங்களில் மு.ப., பி.ப. என்று போடுவது சரி, அவர்களுக்கு வேலை பகலில் மட்டும்தான். விவசாயிக்குத் தண்ணீர் விடியற்காலை இரண்டு மணிக்கும் வரும்.

நம் வாயில் இருக்கிற சொற்களே போதும், அவை ஒன்றோடொன்று மோதாது. விடியற்காலை 3 மணி என்றால் ஒன்றுதான். காலை 7, பகல் 12, மத்தியானம் 2, சாயங்காலம் 5, ராத்திரி 9, நடுராத்திரி 12. இதில் எதையும் யாரும் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ள முடியாது. சொல்லுக்குச் சொல் எல்லை கொஞ்சம் முன்பின் இருக்கும், ஒருவருக்கு நாலு மணி மத்தியானம், இன்னொருவருக்குச் சாயங்காலம். அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. எந்த 4 என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை.

நடுராத்திரியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மணி சரியாக இருக்கும், கிழமை தவறிவிடும். எங்களுக்கு நான்கு வீட்டுக்குப் பொதுவாக ஒரு போர்வெல் இருக்கிறது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். ஒரு கோடையில் முறைச் சீட்டில் எனக்கு "வெள்ளி இரவு 12 மணி முதல் 4 மணி வரை" என்று எழுதியிருந்தது. நான் வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு, பதினொன்றரைக்கு மண்வெட்டியோடு போனேன். அங்கே அடுத்த வீட்டு மாமா ஏற்கெனவே மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"உம்ம முறை நேத்தே முடிஞ்சுதே மாப்ளே. வெள்ளி 12 மணின்னா வியாழக்கிழமை ராத்திரி விடியறதுக்கு முந்தி."

"இன்னைக்குத்தானே மாமா வெள்ளிக்கிழமை? இன்னைக்கு ராத்திரிதானே வெள்ளி ராத்திரி?"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். கடிகாரக் கணக்கில் நடுராத்திரி 12-க்கே வெள்ளி பிறந்துவிடுகிறது. அதன்படி வெள்ளி 0:00 என்பது வியாழன் படுத்த ராத்திரி. நம் பஞ்சாங்கக் கணக்கில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில், அங்கிருந்து 60 நாழிகை, மறு உதயம் வரை அதே கிழமை. நம் பேச்சும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்குத் தூங்காமல் இருப்பவரைக் கேட்டால் இன்னும் வெள்ளி என்றுதான் சொல்வார், கடிகாரத்தில் சனி பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அன்று எனக்குத் தண்ணீர் போனது. மாமாவோடு பத்து நாள் பேச்சும் இல்லை.

இதே சிக்கல்தான் ரயில் டிக்கெட்டிலும். விழுப்புரத்தில் 00:20-க்கு வண்டி, தேதி 14 என்று டிக்கெட்டில் இருந்தால், 13-ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடித்துவிட்டுப் புதுச்சேரியிலிருந்து கிளம்ப வேண்டும். 14-ஆம் தேதி ராத்திரி போய் நின்றால் வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும். ரயில்வே 24 மணிக் கணக்கு வைத்திருப்பதால் பகல் 12:20-ஓடு இது குழம்புவதில்லை. ஆனால் தேதியை நாம்தான் ஒன்று பின்னால் தள்ளிப் படிக்க வேண்டும். எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இப்படி மறுநாள் போய், வெறும் பிளாட்பாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

அந்தக் காலத்துப் பெரியவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். "வியாழன் ராத்திரி, விடிந்தால் வெள்ளி" என்பார்கள். இரண்டு கிழமையையும் சொல்லிவிடுகிறார்கள், இடையில் இருக்கிற ராத்திரி தானாகத் தெரிந்துவிடுகிறது. எங்கள் முறைச் சீட்டை இப்போது அப்படித்தான் எழுதுகிறோம். எனக்குள்ள முறை: "வியாழன் ராத்திரி விடிந்தால் வெள்ளி, நடுராத்திரி 12 முதல் விடியற்காலை 4 வரை." பக்கத்திலேயே போனில் அலாரம் வைப்பவர்களுக்காக "வெள்ளி 00:00 – 04:00" என்றும் எழுதியிருக்கிறோம். சீட்டு நீளமாகிவிட்டது என்று மாமா சொன்னார். நீளமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

போனிலும் அமைப்புகளில் தேதி, நேரம் பகுதிக்குப் போனால் 24 மணிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் `Use 24-hour format` என்று இருக்கும். நான் மாற்றிவிட்டேன். ராத்திரி முறைக்கு அலாரம் வைக்கும்போது AM-ஆ PM-ஆ என்று யோசிக்க வேண்டியதில்லை. என் மனைவி மாற்றவில்லை. "பதினெட்டு முப்பதுன்னா எனக்குக் கணக்குப் போடணும், ஆறரைன்னா விளக்கு வைக்கணும்னு தெரியுது" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். அவருக்கு மணி சொல்வது சமையலறை ஜன்னல். டைமருக்கும் முறைச் சீட்டுக்கும் மட்டும் 24 மணிக் கணக்கு என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மனிதர்களிடம் பேசும்போது பொழுதின் பெயர். 12 AM, 12 PM என்று மட்டும் யாரும் யாருக்கும் எழுதி அனுப்பக் கூடாது.

டைமருக்குள் பேட்டரியை மாற்றலாம் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். உள்ளே பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பதால், பிரித்து வேறு போடுவதும் புதிது வாங்குவதும் ஏறக்குறைய ஒரே செலவு என்றார். அதனால் அப்படியே விட்டுவிட்டேன். கரன்ட் போய் வந்தால் கடிகாரம் இன்னும் 0:00-இலிருந்துதான் ஓடுகிறது.

போன வாரமும் பராமரிப்புக்காக நிறுத்தினார்கள். மதியம் தம்பி போன் செய்தார்.

"அண்ணே, டைமர்ல 0:06ன்னு காட்டுது. இங்க வெயில் மண்டையப் பொளக்குது. அமுக்கி 12 ஆக்கிடட்டுமா?"

"ஆக்கிடு தம்பி. ஒரு மணிக்கு மேல இன்னொரு தடவை பாரு, 13 வருதான்னு."

ஒன்றேகாலுக்கு வாட்ஸ்அப்பில் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். 13:14.